செம்பட்டை முடி சொல்லும் செய்தி

காலை வணக்கக் கூட்டம் முடிந்து மாணவர்கள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் முன்நெற்றி முடி வெயிலில் செம்பழுப்பாக மின்னியது. தனியே நிறுத்திக் கேட்டேன்.

"கலர் அடிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"பொய் சொல்லாதே. நாளைக்கு வெட்டிட்டு வா."

மறுநாள் அவன் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். இரண்டு நாள்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் ஒழுங்கை நிலைநாட்டிவிட்டதாக எண்ணி மறந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன், அவனுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். "ஒண்ணும் குறை சொல்ல வரல சார். போன வருஷம் மாதிரி நீங்க திட்டுறதுக்கு முன்னாடி நானே வெட்டிவிட்டுடலாமான்னு கேட்க வந்தேன். லீவு முழுக்க அவங்க அப்பாகூட கரைவலை இழுக்கப் போறான். வருஷா வருஷம் இப்படித்தான் செம்பட்டையாயிடுது."

நான் அறிவியல் ஆசிரியர். மெலனின் என்ற சொல்லை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் முன்னால் நின்ற தலையில் அது என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. பிறகு படித்தும் வகுப்பில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

முடியில் நிறம் எங்கே இருக்கிறது?

ஒரு முடியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு பகுதிகள் முக்கியமாகத் தெரியும். வெளியே இருப்பது செதில் உறை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது போல, மெல்லிய செதில்கள் பல அடுக்குகளாக முடியைச் சுற்றிப் படிந்திருக்கும். இந்த உறைக்கு நிறம் கிடையாது. அதற்கு உள்ளே இருப்பது புறணி. முடியின் பெரும்பகுதி இதுதான். கெரட்டின் என்னும் புரத இழைகளால் ஆன இந்தப் பகுதிக்குள்தான் நிறமித் துகள்கள் விதைகளைப்போலப் பதிந்திருக்கின்றன.

முடியின் எடையில் இந்த நிறமி ஏறத்தாழ 1 முதல் 3 விழுக்காடுதான். அவ்வளவு சிறிய அளவுதான் ஒரு முடியைக் கன்னங்கரேலென்று காட்டுகிறது.

நிறமி உருவாகும் இடம் தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால். அங்குள்ள மெலனோசைட் செல்கள் நிறமித் துகள்களைச் செய்து, வளரும் முடியின் செல்களுக்குள் அனுப்புகின்றன. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. ஆகவே அங்கே நிறமி சிதைந்தால் மீண்டும் செய்து தர ஆள் இல்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். வெளுத்த நுனி எண்ணெய் தடவினால் மீண்டும் கறுக்காது. ஆனால் மயிர்க்கால் நலமாக இருந்தால் அடியிலிருந்து வரும் புது முடி கருப்பாகவே வரும்.

ஒரே தொடக்கம், இரண்டு நிறமிகள்

மெலனின் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் முடியில் இருப்பவை இரண்டு வகை. கருப்பும் கரும்பழுப்புமான நிறத்தைத் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தைத் தருவது பியோமெலனின்.

இரண்டும் ஒரே பொருளிலிருந்து தொடங்குகின்றன. அது டைரோசின் என்னும் அமினோ அமிலம். டைரோசினேஸ் என்னும் நொதி அதை டோபாகுயினோன் என்ற பொருளாக மாற்றுகிறது. இந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். இதுவரை பாதை ஒன்றுதான். இங்கிருந்துதான் பிரிகிறது.

அருகில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருந்தால், டோபாகுயினோன் உடனே அதனுடன் இணைந்துவிடும். சிஸ்டீனில் கந்தகம் உண்டு. அப்படி இணைந்து உருவாவது பியோமெலனின். சிஸ்டீன் தீர்ந்துபோனால் டோபாகுயினோன் வேறு வழியில் மாறி யூமெலனினாகிறது. ஆக, இரண்டு நிறமிகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஒன்றில் கந்தகம் இருப்பதும் மற்றொன்றில் இல்லாததும்தான்.

எந்தப் பாதையில் அதிகம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், மெலனோசைட் செல்லின் மேற்பரப்பில் உள்ள எம்.சி.1.ஆர். என்ற ஏற்பிக்குப் பெரும் பங்கு உண்டு. அது நன்றாக வேலை செய்தால் யூமெலனின் மிகும். அதன் மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தால் பியோமெலனின் மிகும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பலருக்கு இயல்பிலேயே சிவந்த முடி இருப்பதற்கு இதுவே காரணம் என்பது 1995இல் தெரியவந்தது.

நம் மாணவர்களின் கருமுடியில் இருப்பது பெரும்பாலும் யூமெலனின். ஆனால் பியோமெலனினும் சிறிதளவு உண்டு. யூமெலனின் அடர்த்தியாக இருக்கும்வரை அது கண்ணில் படுவதில்லை.

டிகாக்‌ஷனைப் போல

கருமுடி வெளுக்கும்போது கருப்பிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து வெள்ளை என்று போவதில்லை. கரும்பழுப்பு, செம்பழுப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெளிர்மஞ்சள் என்ற வரிசையில்தான் போகும். வெயிலில் வெளுத்தாலும், அழகு நிலையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுத்தாலும் தொடக்கம் இப்படித்தான். இடையில் இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

இதற்கு வகுப்பில் ஒரு கண்ணாடிக் குவளையில் காபி டிகாக்‌ஷனைக் காட்டலாம். கெட்டியாக இருக்கும்போது அது கருப்பு. தண்ணீர் சேர்க்கச் சேர்க்கச் செம்பழுப்பாகி, பிறகு மஞ்சளாகும். டிகாக்‌ஷனுக்குள் தனியாகச் சிவப்பு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அது எல்லா நிற ஒளியையும் உறிஞ்சுகிறது. நீல ஒளியைக் கூடுதலாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சுகிறது. அடர்த்தி குறைந்ததும் முதலில் தப்பி வெளியே வருவது சிவப்பு. யூமெலனினும் இப்படித்தான். அதன் அளவு குறையும்போது முடி சிவந்து தெரிகிறது.

இத்துடன் இரண்டாவது காரணமும் சேர்கிறது. பெராக்சைடும் வெயிலும் யூமெலனினைச் சிதைக்கும் அளவுக்குப் பியோமெலனினை எளிதில் சிதைப்பதில்லை. கருப்புத் திரை மெலிந்த பின்னும் பியோமெலனின் தங்கியிருப்பதால் செம்மஞ்சள் சாயல் நீடிக்கிறது. கடைசியில் இரண்டும் போனாலும் வெளிர்மஞ்சள் எஞ்சும். அது கெரட்டின் புரதத்தின் சொந்த நிறம்.

அதனால்தான் செம்பட்டை என்பதை வெளியிலிருந்து பூசிய நிறம் என்று உடனே முடிவு செய்யக்கூடாது. எதையும் பூசாமலே, உள்ளிருந்து ஒன்று குறைந்தாலே அந்த நிறம் வந்துவிடும்.

ஏன் எல்லா முடியும் ஒரேபோல வெளுப்பதில்லை?

யூமெலனின்தான் எளிதில் சிதைகிறது என்றால், யூமெலனின் நிறைந்த கருமுடிதானே முதலில் வெளுக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சிதையும் எளிமை வேறு, சிதைக்க வேண்டிய அளவு வேறு. கருமுடியில் துகள்கள் மிக அதிகம். அதில் பாதி போனாலும் கண்ணுக்குக் கரும்பழுப்பாகத்தான் தெரியும். இளம்பழுப்பு முடியில் யூமெலனின் தொடக்கத்திலேயே குறைவு. அதில் பாதி போனால் பொன்னிறம் வந்துவிடும். சிவந்த முடியோ இன்னொரு வகை. அது பார்க்க வெளிர்நிறமாக இருந்தாலும், பியோமெலனின் மிகுந்திருப்பதால் செம்மஞ்சளைத் தாண்டி வெளுக்க மறுக்கும்.

நிறமியைப் போலவே செதில் உறையும் முக்கியம். பெராக்சைடு புறணிக்குள் போனால்தான் நிறமியைத் தொட முடியும். செதில்கள் இறுக மூடியிருந்தால் அது மெதுவாகத்தான் நுழையும். அழகு நிலையங்களில் பெராக்சைடுடன் அமோனியாவைச் சேர்ப்பது இதற்காகத்தான். அமோனியாவின் காரத்தன்மை முடியை உப்பச் செய்து செதில்களை விலக்குகிறது. அத்துடன் பெராக்சைடையும் வேகமாக வினைபுரிய வைக்கிறது.

செதில்கள் தாமாகத் தேய்ந்திருந்தாலும் இதே நிலைதான். இங்கே முடியின் வயது கணக்கில் வருகிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. 60 செ.மீ. நீளப் பின்னலின் நுனி, மயிர்க்காலை விட்டு வெளியே வந்து ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகியிருக்கும். 5 ஆண்டுகளின் சீப்பும், குளியலும், வெயிலும் பட்ட முடி அது. அதே பின்னலின் அடிமுடி போன மாதம் வந்தது. ஒரே தலை, ஒரே நிறமி. ஆனாலும் நுனி முந்தி வெளுக்கும்.

இப்போது என் மாணவனின் கணக்கைப் பார்ப்போம். அவன் முன்நெற்றி முடி ஏறத்தாழ 10 செ.மீ. இருந்தது. அதன் நுனிக்கு வயது 10 மாதம். அதில் கோடை விடுமுறை முழுவதும் காலை முதல் கடற்கரையில் வலை இழுத்திருக்கிறான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் நிறமி உறிஞ்சுகிறது. அப்போது ஆக்சிஜனின் துணையோடு அது தானே சிதைகிறது. கெரட்டினுக்கு அது பிடித்த குடை என்று சொல்லலாம். குடைத்துணிதான் வெளுக்கிறது. போதாக்குறைக்கு முடி உப்புநீரில் நனைந்து, காற்றில் காய்ந்து, மணலோடு உரசுகிறது. செதில்கள் தேய்ந்து வழி திறக்கிறது.

நான் அவனை வெட்டச் சொன்ன முடி, அவன் உழைத்த வெயிலில் வெளுத்தது.

வகுப்பில் செய்து பார்த்தது

இந்தச் சோதனையை ஆசிரியர் மட்டுமே செய்து காட்ட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னல்கள் திறந்த அறையில் செய்யுங்கள். வெட்டிய முடியில் மட்டுமே செய்ய வேண்டும். யார் தலையிலும் செய்யக்கூடாது என்பதை முதலிலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

முடிதிருத்தகத்திலிருந்து வெட்டிய முடியை வாங்கிச் சோப்பால் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள். கருமுடி, நரைமுடி, ஒரே நீளமான முடியின் அடிப்பகுதி, அதன் நுனிப்பகுதி எனப் பிரித்து, சுமார் 20 முடிகள் கொண்ட சிறு கட்டுகளாக நூலால் கட்டுங்கள். உலோகக் கிளிப் வேண்டாம். சில உலோகங்கள் பெராக்சைடை வேகமாகச் சிதைக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 6 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மி.லி. வீதம் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் ஆய்வகத்தின் நீர்த்த அமோனியா 5 சொட்டு விடுங்கள். இரண்டிலும் எல்லா வகைக் கட்டுகளையும் போடுங்கள். குவளையை மூடக்கூடாது. வெளிவரும் ஆக்சிஜன், மூடிய கலத்தை வெடிக்கச் செய்யலாம். மீந்த கலவையையும் புட்டியில் அடைத்து வைக்காதீர்கள். நிறைய நீர் விட்டுக் கொட்டிவிடுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை ஒரு சில முடிகளைக் கண்ணாடிக் குச்சியால் எடுத்து, நீரில் அலசி, வெள்ளைத்தாளில் ஒட்டி நேரத்தைக் குறியுங்கள். மாலைக்குள் அந்தத் தாளே ஒரு நிற அட்டவணை ஆகிவிடும். அமோனியா சேர்த்த குவளையில் கருமுடி செம்பழுப்பை நோக்கி நகர்வதும், சேர்க்காத குவளை பின்தங்குவதும் தெரியும். நுனிக்கட்டு அடிக்கட்டை முந்தும். நரைமுடியில் சிதைய நிறமியே இல்லாததால் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்காது.

கடைசியாக, வெளுத்த முடியையும் வெளுக்காத முடியையும் நனைத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்கு வெளுத்த முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். கெரட்டின் இழைகளைக் கோத்து நிறுத்துபவை கந்தகப் பிணைப்புகள். நிறமியைச் சிதைக்கும் பெராக்சைடு அந்தப் பிணைப்புகளையும் விட்டுவைப்பதில்லை. "முடியை வெளுக்காதே" என்று நாம் சொல்லும் அறிவுரையை விட, அந்த அறுந்த முடி மாணவர்களிடம் அதிகம் பேசியது.

தலையைப் பார்த்து என்ன சொல்லலாம்?

அந்த மாணவனை நிறுத்திய நாளில் நான் கவனித்திருக்க வேண்டியவை சில உண்டு. வெயிலில் வெளுத்த முடி அடியில் கருப்பாக இருக்கும். நுனியை நோக்கிச் சிறிது சிறிதாக நிறம் குறையும். எங்கே மாறுகிறது என்று கோடு கிழிக்க முடியாது. மேலடுக்கு முடி செம்பட்டையாக இருக்க, அதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மறைந்திருக்கும் முடி கருப்பாகவே இருக்கும்.

பெராக்சைடால் வெளுத்த முடியில் பெரும்பாலும் ஓர் எல்லைக்கோடு தெரியும். அதுவரை கருப்பு, அதற்குமேல் நுனிவரை வெளுப்பு. உள்ளடுக்கும் வெளுத்திருக்கலாம். அடியிலிருந்து அந்தக் கோடுவரை 2 செ.மீ. இருந்தால், செய்து ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் நுனியை மட்டும் படிப்படியாக வெளுக்கும் முறையும் அழகு நிலையங்களில் உண்டு. அதனால் இதுவும் முடிவான சான்று அல்ல.

மருதாணி வேறு கதை. அது நிறமியைச் சிதைப்பதில்லை. அதன் நிறப்பொருள் கெரட்டினில் ஒட்டிக்கொள்கிறது. நரைமுடியில் செம்மஞ்சளாகத் தெரியும் அது, கருமுடியில் வெயிலில் மட்டும் மெல்லிய சிவப்புச் சாயலாகத் தெரியும்.

சிலருக்குப் பிறவியிலேயே முடி பழுப்பாக இருக்கும். பசிபிக் பெருங்கடலிலுள்ள சாலமன் தீவுகளில் கருந்தோலும் பொன்னிற முடியும் கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். நெடுங்காலம் அதற்கு வெயிலும் கடல்நீரும் மீன் உணவும் காரணம் என்று சொல்லப்பட்டது. அது நிறமி ஆக்கத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மாற்றம் என்று 2012இல் கண்டறிந்தார்கள். முடியை வைத்துத் தவறாக ஊகித்தது நான் மட்டும் அல்ல என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

ஒரு நிலையை மட்டும் தள்ளிப்போடாமல் கவனிக்க வேண்டும். முடி அடியிலிருந்தே நிறம் குன்றி, மெலிந்து, இழுத்தால் எளிதில் கையோடு வந்துவிட்டால், மயிர்க்காலிலேயே நிறமி ஆக்கம் குறைந்திருக்கலாம். கடுமையான புரதக் குறைபாடு கொண்ட சிறு குழந்தைகளிடம் இது காணப்படுகிறது. உணவு கிடைத்த காலத்திலும் கிடைக்காத காலத்திலும் வளர்ந்த முடி, கருப்பும் வெளிர்நிறமுமாக மாறி மாறிப் பட்டைகளாகத் தெரிவதும் உண்டு. முடியை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. குழந்தையின் எடை, சோர்வு, பாத வீக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக் கவனித்து, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுவதே நம் வேலை. அந்தக் குழந்தையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட?" என்பதுதான்.

அந்த அம்மா வந்த அன்று, முடியை வெட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பள்ளி திறந்ததும் மாணவனை அழைத்து, போன ஆண்டு நான் செய்தது தவறு என்று சொன்னேன். "பரவால்ல சார்" என்றான். சோதனை செய்த நாளில், நிறத்தாளில் ஒட்ட வெயிலில் வெளுத்த முடி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, முதலில் கத்தரிக்கோலை எடுத்துத் தன் முன்நெற்றியிலிருந்து ஒரு முடியை வெட்டித் தந்தவன் அவன்தான்.